நிதி கேட்கும் பதிவும் கணக்குக் காட்டும் பதிவும்: சிறு பள்ளித் திட்டத்துக்கான முழுமையான வழிகாட்டி

நன்கொடை கேட்டுப் பதிவு எழுத உட்காருவதற்கு முன், அந்தப் பணம் முழுவதும் செலவான பிறகு நீங்கள் வெளியிடப்போகும் கணக்குப் பதிவின் வெற்றுப் படிவத்தை எழுதிவிடுங்கள். வரிசை தலைகீழாக இருப்பதாகத் தோன்றலாம். ஆனால் சிறிய நிதித் திரட்டல்களில் நம்பிக்கை குலைவது பெரும்பாலும் பணம் களவுபோவதால் அன்று. கேட்டபோது சொன்ன சொற்களும் கணக்குக் காட்டும்போது சொன்ன சொற்களும் ஒன்றோடொன்று பொருந்தாமல் போவதால்தான். "நூலகத்துக்கு உதவுங்கள்" என்று கேட்டுவிட்டு, பின்னர் "தளவாடங்கள், அச்சுப் பொருட்கள், இதர செலவுகள்" என்று கணக்குக் காட்டினால், ஒரு காசும் வீணாகாமல் இருந்தும் கொடுத்தவர் மனத்தில் ஐயம் விழுகிறது. இரண்டு பதிவுகளுக்கும் ஒரே வரிகள்தாம் முதுகெலும்பு என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டால் இந்தச் சிக்கல் எழுவதே இல்லை.

இதை ஒரு மாதிரித் திட்டத்தைக் கொண்டு விளக்குகிறேன். ஒரு சிறு பள்ளி, காலியாகக் கிடக்கும் ஓர் அறையை வாசிப்பறையாக்க விரும்புகிறது. எண்களை மட்டும் தருகிறேன். நாணயம் எதுவாயினும் முறை ஒன்றுதான்.

முதல் படி: கணக்கின் வரிகளைத் தீர்மானித்தல்

நல்ல வரி என்பது, திட்டத்தோடு தொடர்பில்லாத ஒருவர் அந்த அறைக்குள் நுழைந்து எண்ணிப் பார்த்துச் சரிபார்க்கக்கூடியது. "கல்வி உபகரணங்கள் 76,000" என்பதை யாராலும் சரிபார்க்க முடியாது. "புத்தக அலமாரி 4, ஒன்று 9,000 வீதம் 36,000" என்பதைச் சரிபார்க்கலாம். நம் மாதிரித் திட்டத்தில் அலமாரிக்கு 36,000, புத்தகங்கள் 250க்கு 40,000, வாசிப்பு மேசை இரண்டுக்கு 11,000, ஏற்றிவருவதற்கும் சுவரில் பொருத்துவதற்கும் 5,000, இணையவழிப் பணம் பெறுவதற்கான கட்டணம் 3,000, எதிர்பாராச் செலவு 5,000 என ஆறு வரிகள். மொத்தம் 1,00,000.

அலமாரிக்கும் மேசைக்கும் குறைந்தது இரண்டு இடங்களில் எழுத்து வடிவில் விலைப்புள்ளி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதம் கழித்து விலை கூடியிருந்தால், எந்த நாளில் என்ன விலை சொன்னார்கள் என்று காட்டுவதற்கு அந்தத் தாள்தான் உங்களிடம் இருக்கும்.

கடைசி இரண்டு வரிகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அவற்றைத்தான் பலர் மறைக்கிறார்கள். கட்டணம், நிர்வாகச் செலவு என்று எழுதினால் கொடுப்பவர் பின்வாங்கிவிடுவார் என்ற அச்சம் முற்றிலும் ஆதாரமற்றது அன்று. ஊரி க்னீஸியும் உடன் ஆய்வாளர்களும் 2014இல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வில், 40,000 பேருக்கு நன்கொடைக் கடிதங்கள் அனுப்பப்பட்டன. நிர்வாகச் செலவை ஒரு பெரிய கொடையாளர் முன்பே ஏற்றுக்கொண்டுவிட்டார், நீங்கள் தருவது முழுவதும் திட்டத்துக்கே போகும் என்று சொல்லப்பட்ட குழுவினரே மற்றக் குழுக்களைவிட மிகுதியாகக் கொடுத்தனர். இதிலிருந்து கிடைக்கும் பாடம் அந்த வரியை ஒளிப்பது அன்று. அந்தச் செலவை மட்டும் ஏற்கத் தயாராக உள்ள ஒருவரை முதலில் தேடுங்கள். கிடைத்தால் அதைப் பதிவில் சொல்லுங்கள். கிடைக்காவிட்டால் 3,000 என்று வெளிப்படையாக எழுதி, அது எதற்குப் போகிறது என்று ஒரே வாக்கியத்தில் விளக்குங்கள். ஒருவரும் ஏற்காதபோது "முழுத் தொகையும் பிள்ளைகளுக்கே" என்று எழுதுவது பொய். முதல் வங்கி அறிக்கையிலேயே அது வெளிப்பட்டுவிடும்.

இரண்டாம் படி: வேண்டுகோள் பதிவை எழுதுதல்

பதிவின் முதல் பத்தியில் என்ன செய்யப்போகிறீர்கள், எவ்வளவு வேண்டும், எந்த நாளுக்குள் வேண்டும், பணத்தை யார் கையாள்கிறார்கள் என்ற நான்கும் வந்துவிட வேண்டும். உணர்ச்சியைத் தொடும் செய்தி அதன் பிறகு வரலாம். ஆனால் அது திட்டத்தைப் பற்றியதாக இருக்கட்டும், ஒரு குழந்தையின் வறுமையைப் பற்றியதாக வேண்டாம். தனி ஒருவரின் கதையைச் சொன்னால் கொடை கூடுகிறது என்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நான் அதை மறுக்கவில்லை. ஆயினும் சிறு பள்ளியில் அந்தக் குழந்தையை எல்லாருக்கும் தெரியும், அந்தப் பதிவு அவர் வளர்ந்த பின்னும் அழியாமல் இருக்கும். காலி அறையின் படமும், இடைவேளையில் படிக்க இடமில்லை என்ற உண்மையும் போதுமானவை.

வேண்டுகோளின் நடுப்பகுதி ஏறத்தாழ இப்படி அமையலாம்:

"எங்கள் பள்ளியின் கிழக்கு அறையை வாசிப்பறையாக்க 1,00,000 தேவைப்படுகிறது. இதற்கான ஆறு செலவு வரிகளைக் கீழே தந்துள்ளோம். பணி முடிந்ததும் இதே வரிகளில் கணக்கு வெளியிடுவோம். பணம் பள்ளிப் பெற்றோர் குழுவின் வங்கிக் கணக்கில் சேரும். எடுப்பதற்கு இருவர் கையெழுத்து வேண்டும். இம்மாத இறுதியில் திரட்டலை நிறுத்துவோம். அதன்பின் ஆறு வாரத்துக்குள் அலமாரிகள் பொருத்தப்படும்."

இதற்கு அடுத்து வரவேண்டிய பகுதியைத்தான் பெரும்பாலான பதிவுகள் விட்டுவிடுகின்றன. பணம் குறைந்தால் என்ன செய்வீர்கள், மிஞ்சினால் என்ன செய்வீர்கள் என்பதே அது. குறைந்தால் எந்த வரியை முதலில் கைவிடுவீர்கள் என்பதைப் பெயர் சொல்லி எழுதுங்கள்: "60,000க்குக் குறைவாகச் சேர்ந்தால் மேசைகளை விட்டுவிட்டு, இரண்டு அலமாரிகளும் அவை கொள்ளும் அளவு புத்தகங்களும் மட்டும் வாங்குவோம்." மிஞ்சினால் அது இதே அறைக்கான அடுத்த புத்தகங்களுக்குப் போகும் என்றோ, திருப்பிக் கேட்கும் கொடையாளருக்குத் தரப்படும் என்றோ முன்கூட்டியே சொல்லுங்கள்.

இந்த ஒரு வாக்கியத்தின் எடையைப் புரிந்துகொள்ள இரண்டு பெரிய நிறுவனங்களின் அனுபவம் உதவும். 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் அதற்கெனத் தனி நிதி திரட்டியது. அதன் ஒரு பகுதியை எதிர்காலத் தேவைகளுக்கு ஒதுக்கவிருப்பது தெரியவந்ததும் கடும் எதிர்ப்பு எழுந்தது; அதே ஆண்டு நவம்பரில், அந்த நிதி முழுவதும் தாக்குதலால் பாதிக்கப்பட்டவர்களுக்கே செலவிடப்படும் என்று சங்கம் அறிவிக்க நேர்ந்தது. அங்கே மக்கள் கோபத்துக்கு ஆளானது பணத்தைச் சேமித்து வைப்பது அன்று, கொடுத்தவர் நினைத்த நோக்கம் மாறியதே. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு நேர்மாறாக நடந்துகொண்டது. சில நாட்களிலேயே, இந்தப் பேரிடருக்கு எங்களுக்குத் தேவையான பணம் வந்துவிட்டது, இனி இதற்கென அனுப்ப வேண்டாம் என்று வெளிப்படையாகச் சொன்னது. ஏற்கெனவே வந்த கூடுதல் தொகையை வேறு நெருக்கடிகளுக்குப் பயன்படுத்தலாமா என்று கொடையாளர்களிடமே கேட்டது. பெரும்பாலோர் இசைந்தனர். பள்ளி நூலகத்துக்கும் இதே விதிதான்: நோக்கம் மாறுவதற்கு முன் கேட்க வேண்டும், மாற்றிவிட்டு அறிவிக்கக்கூடாது.

வரிவிலக்கு உண்டு என்று எழுதுவதாயின், அதற்கான செல்லுபடியாகும் சான்றிதழ் உங்கள் கையில் இருக்கும்போது மட்டுமே எழுதுங்கள்.

மூன்றாம் படி: பணம் வரும் நாட்களில் கணக்கு வைத்தல்

கணக்குப் பதிவின் தரம் இந்த நாட்களில்தான் தீர்மானமாகிறது. ஒவ்வொரு நன்கொடைக்கும், அது எவ்வளவு சிறிதாயினும், தொடர் எண் கொண்ட ஒரு ரசீது கொடுங்கள். பின்னர் கணக்கு வெளியிடும்போது பெயர்களை விட்டுவிட்டு, ரசீது எண்ணையும் தொகையையும் மட்டும் பட்டியலாக இணைக்கலாம். கொடுத்தவர் தம் எண்ணைத் தேடிப் பார்த்துத் தம் தொகை அதில் இருப்பதைத் தாமே உறுதிசெய்துகொள்கிறார். வேறு யாருக்கும் அவர் இன்னார் என்று தெரியாது. நான் அறிந்தவரை சிறு திட்டங்களுக்கு இதைவிட எளிய, வலிமையான சான்று வேறில்லை. எண்களில் இடைவெளி இருக்கக்கூடாது. கெட்டுப்போன ரசீதைக் கிழித்தெறியாமல் "நீக்கப்பட்டது" என்று பட்டியலில் காட்டுங்கள்.

கையில் வரும் ரொக்கத்தை இருவர் சேர்ந்து எண்ணி, இருவரும் கையெழுத்திட்டு, முழுவதையும் வங்கியில் செலுத்துங்கள். அந்த ரொக்கத்திலிருந்தே ஏற்றுகூலியைக் கொடுத்துவிட்டு மீதியைச் செலுத்துவது வசதியாகத் தோன்றும். அப்படிச் செய்தால் வரவும் செலவும் வங்கி அறிக்கையில் தெரியாமல் போய்விடும். பிறகு எவ்வளவு விளக்கினாலும் அது வாய்மொழியாகவே நிற்கும்.

இணையவழியில் வரும் தொகையைப் பொறுத்தவரை, திரையில் காட்டும் மொத்தமும் வங்கியில் வந்து சேரும் தொகையும் வேறு வேறு என்பதை மறக்கக்கூடாது. கட்டணம் கழிந்த பிறகே வங்கிக்கு வருகிறது. நான் முதன்முதலாகக் கணக்கெழுதிய ஒரு திரட்டலில், திரையில் பார்த்த மொத்தத்தைப் பதிவில் போட்டுவிட்டு, செலவை வங்கிக் கணக்கிலிருந்து எடுத்து எழுதினேன். இரண்டுக்கும் இடையில் ஒரு சிறு தொகை காணாமல் போயிருந்தது. அதை முதலில் கண்டவர் ஒரு கொடையாளர். கட்டணம்தான் என்று மறுநாளே நிரூபித்துவிட்டோம். எனினும், அவர் கேட்பதற்கு முன் நாங்களே சொல்லியிருக்க வேண்டிய செய்தி அது. அன்றிலிருந்து மொத்த வரவு, கழிந்த கட்டணம், வங்கியில் சேர்ந்த தொகை என்று மூன்றையும் தனித்தனியே எழுதுகிறேன்.

நான்காம் படி: இடைக்காலப் பதிவு

திரட்டல் முடிந்த நாளுக்கும் பணி முடியும் நாளுக்கும் இடையில் மௌனம் நீளும்போதுதான் ஐயம் வளர்கிறது. நம் திட்டத்தில் தச்சர் மூன்று வாரம் தாமதித்தார் என்று கொள்வோம். ஆறு வாரம் முடிவதற்கு முன்பே, தாமதம் உறுதியான அன்றே, இப்படி ஒரு சிறு பதிவு போதும்: "அலமாரிகள் சொன்ன நாளில் வரவில்லை. முன்பணமாக 15,000 கொடுத்துள்ளோம். அதற்கான ரசீது இணைப்பில் உள்ளது. மூன்று வாரம் கழித்துப் பொருத்துவதாகத் தச்சர் எழுதிக் கொடுத்திருக்கிறார். மீதிப் பணம் வங்கியில் இருக்கிறது." தாமதத்தின் காரணத்தை நீட்டி விளக்குவதைவிட, பணம் இப்போது எங்கே இருக்கிறது என்பதைச் சொல்வதே முக்கியம், ஏனெனில் வாசகர் மனத்தில் இருக்கும் கேள்வி அதுதான்.

முதல் வேண்டுகோளில் இருந்த நாளையோ தொகையையோ சத்தமில்லாமல் திருத்திவிடாதீர்கள். பழைய வாக்கியத்தை அப்படியே விட்டு, அதன் கீழே தேதியிட்ட குறிப்பாக மாற்றத்தைச் சேருங்கள். பழைய பதிவைத் திரைப்பிடிப்பு எடுத்து வைத்திருப்பவர் ஒருவராவது இருப்பார்.

ஐந்தாம் படி: பில்களும் படங்களும்

ஒவ்வொரு பில்லிலும் தேதி, பில் எண், பொருள், எண்ணிக்கை, தொகை ஆகியவை தெளிவாகத் தெரிய வேண்டும். விற்றவரின் தொலைபேசி எண், வங்கிக் கணக்கு எண், தனியாரின் முகவரி, கையெழுத்து ஆகியவற்றை மறைக்க வேண்டும். கைபேசியின் வரைகருவியால் தீட்டி மறைத்தால், சில வேளைகளில் ஒளியைக் கூட்டிப் பார்த்ததும் எழுத்து தெரிந்துவிடும். முழுக் கறுப்புக் கட்டம் போடுங்கள். பிடிஎஃப் கோப்பில் கறுப்புக் கட்டம் வைத்தாலும் அடியில் எழுத்து அப்படியே இருக்கும், நகலெடுத்து ஒட்டினால் வந்துவிடும். அதனால் மறைத்த பக்கத்தைப் படமாக மாற்றிய பிறகே வெளியிடுங்கள். வெளியிடுமுன் நீங்களே அந்த இடத்தை நகலெடுத்துப் பாருங்கள்.

அறையின் படத்தைத் தொடக்கத்திலும் முடிவிலும் ஒரே மூலையில் நின்று, அதே சன்னல் தெரியும்படி எடுங்கள். வெவ்வேறு கோணத்தில் எடுத்த இரு படங்கள் இரு வேறு அறைகளாகக்கூடத் தோன்றலாம். பிள்ளைகள் இருக்கும் படமாயின், பெற்றோரின் எழுத்து இசைவு வேண்டும். இசைவு கிடைத்தாலும் முகம் தெரியாமல், புத்தகம் புரட்டும் கைகளையோ பின்புறத்தையோ எடுப்பதே நான் பரிந்துரைப்பது. படக் கோப்பில் இடத் தகவல் பதிந்திருக்கக்கூடும். பகிரும் முன் அதை நீக்கிவிடுங்கள்.

ஆறாம் படி: இறுதிக் கணக்குப் பதிவு

நம் திட்டத்தில் 63 பேர் 1,08,400 கொடுத்தனர். இணையவழியில் 84,000, ரொக்கமாக 24,400. இணையவழித் தொகையில் கட்டணமாக 2,100 கழிந்ததால் வங்கியில் சேர்ந்தது 1,06,300. முதலில் எழுதி வைத்த வெற்றுப் படிவத்தில் இப்போது மூன்றாவது நெடுவரிசை நிரம்புகிறது.

| வரி | கேட்டது | செலவானது |
|---|---|---|
| அலமாரி 4 | 36,000 | 39,000 |
| புத்தகங்கள் | 40,000 | 37,850 |
| மேசை 2 | 11,000 | 11,000 |
| ஏற்றுகூலி, பொருத்துகூலி | 5,000 | 6,200 |
| இணையவழிக் கட்டணம் | 3,000 | 2,100 |
| எதிர்பாராச் செலவு | 5,000 | மேலுள்ள வரிகளில் சேர்ந்தது |
| மொத்தம் | 1,00,000 | 96,150 |

அட்டவணையைப் போட்டதோடு நின்றுவிடக்கூடாது. எண்கள் மாறிய ஒவ்வொரு வரிக்கும் ஒரு வாக்கியம் எழுத வேண்டும். அலமாரி ஒன்றுக்கு 750 விலை கூடியது, பழைய விலைப்புள்ளியும் புதிய பில்லும் இணைப்பில் உள்ளன. இரண்டு நடை ஏற்றிவர வேண்டியிருந்ததால் கூலி 1,200 கூடியது. இந்த இரண்டும் சேர்ந்த 4,200, எதிர்பாராச் செலவுக்கென வைத்த 5,000இலிருந்து எடுக்கப்பட்டது. கேட்ட 250 புத்தகங்களில் 12 கையிருப்பில் இல்லை, எனவே 238 மட்டும் வாங்கப்பட்டன. குறைந்த வரிக்கும் காரணம் சொல்ல வேண்டும். கூடியதற்கு மட்டும் விளக்கம் தந்தால், குறைந்ததை வாசகர் கவனிக்கமாட்டார் என்று நாம் எண்ணியதாகப் படும். எல்லா எண்களும் ஆயிரங்களில் முழுமையாக முடிவதும் ஐயத்துக்கு இடம் தரும். உண்மையான பில்கள் அப்படி வருவது அரிது. ஆகையால் தொகைகளை முழுமையாக்காமல் உள்ளபடியே எழுதுங்கள்.

வெளியிடும் முன் ஒரு சோதனை உண்டு, அதில் தேறாத கணக்கை வெளியிடாதீர்கள். வங்கியில் சேர்ந்த 1,06,300இலிருந்து, வங்கி வழியே செய்த செலவாகிய 94,050ஐக் கழித்தால் 12,250 வரும். வேறு வழியில், மொத்த வரவு 1,08,400இலிருந்து கட்டணம் உட்பட்ட செலவு 96,150ஐக் கழித்தாலும் 12,250 வரும். அன்றைய வங்கி இருப்பும் அதே 12,250 ஆக இருக்க வேண்டும். மூன்றில் ஒன்று மாறினாலும் ஏதோ ஒரு பில் விடுபட்டிருக்கிறது அல்லது ஒரு ரசீது இருமுறை எழுதப்பட்டிருக்கிறது. இதற்காகவே அந்த நிதிக்குத் தனிக் கணக்கு வைத்திருப்பது நல்லது. பள்ளியின் மற்றப் பணத்தோடு கலந்துவிட்டால் இந்த மூன்றாவது சரிபார்ப்பு இயலாது.

பிறகு, திட்டத்தில் பங்கில்லாத ஒருவரிடம் பதிவைக் கொடுத்து மூன்று கேள்விகள் கேளுங்கள்: எவ்வளவு வந்தது, எவ்வளவு செலவானது, மீதி எங்கே இருக்கிறது? பதிவைப் பார்த்தே அவர் உடனடியாகப் பதில் சொல்ல முடியாவிட்டால், அந்த எண்கள் எங்கோ நடுவில் புதைந்திருக்கின்றன. அவற்றை முதல் பத்திக்குக் கொண்டுவாருங்கள். நன்றியுரை அவற்றுக்குப் பின்னால் வரட்டும்.

வெளியிட்ட பின் பிழை தெரிந்தால்

பிழை நேர்வது இயல்பு. பழைய எண்ணை அழிக்காமல் கோடிட்டுவிட்டு, சரியான எண்ணையும், தேதியையும், யார் கண்டுபிடித்தார் என்பதையும் (அவர் விரும்பினால் மட்டும்) பக்கத்தில் எழுதுங்கள். அந்தத் திருத்தத்தால் மீதித் தொகை மாறுகிறதா இல்லையா என்பதையும் அதே குறிப்பில் சொல்லிவிடுங்கள்.

மீதமுள்ள 12,250 இருக்கும்வரை இந்தக் கணக்கு முடியவில்லை. வேண்டுகோளில் சொன்னபடி அது அடுத்த புத்தகங்களுக்குப் போகிறது. கிடைக்காமல் போன 12 தலைப்புகள் முதலில் வரும். அவற்றை வாங்கியதும் இதே பதிவின் கீழே பில்லை இணைத்து, புதிய இருப்பை எழுதுங்கள். இருப்பு சுழியைத் தொடும் நாளில் "இந்த நிதி இத்துடன் முடிக்கப்பட்டது" என்ற கடைசிக் குறிப்பைத் தேதியோடு சேர்த்து, பில்களையும் ரசீதுப் புத்தகத்தையும் ஒரே கோப்பில் கட்டிப் பள்ளி அலுவலகத்தில் ஒப்படையுங்கள். கோப்பு எங்கே இருக்கிறது, யாரைக் கேட்டால் பார்க்கலாம் என்பதும் அந்தக் குறிப்பில் இருக்கட்டும்.